நான்கு மணி நேரப் பட்டறையில் கை நெஞ்சில் இருந்தது எத்தனை நிமிடம்?

கோலா பிலா நகரில் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை இருக்கிறது. நகரத்துப் பள்ளியில் ஒருவர் மயங்கி விழுந்தால் அம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்துவிடலாம். ஜொகோல், ஜுவாசே, பத்து கிக்கிர் பக்கம் உள்ள தோட்டங்களின் கதை வேறு. பெரிய சாலையை விட்டு இறங்கிச் செம்பனைக்குள் திரும்பிவிட்டால் கைகாட்டி கிடையாது. எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும். புதிய ஓட்டுநருக்கு எந்தத் திருப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, எது பழைய தொழிற்சாலையில் முட்டி நிற்கிறது என்று தெரியாது. அழைத்த நேரத்திலிருந்து வண்டி வாசலில் நிற்க இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் இருப்பவர்கள் இதைக் குறைவான கணக்கு என்றுதான் சொல்வார்கள்.

இதயம் நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். யாரும் செய்யாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே தோட்டப் பள்ளியில் அந்த இருபது நிமிடமும் ஆசிரியர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படித் தருகிறோம் என்பதில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

நான் பார்த்த பட்டறைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சனிக்கிழமை காலை, திறப்புரை, நன்றியுரை, இதயத்தின் நான்கு அறைகளைக் காட்டும் திரைப்படங்கள், ஒன்றரை மணி நேர விளக்கம். பிறகு பயிற்சிப் பொம்மை ஒன்று நடுவில் வைக்கப்படும். ஆசிரியர்கள் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவராக வந்து முட்டி போட்டு முப்பது முறை அழுத்திவிட்டு எழுந்துகொள்வார்கள். படம் எடுப்பார்கள். இறுதியில் பத்துக் கேள்வித் தாள், அதன் பிறகு சான்றிதழ்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் பதினான்கு ஆசிரியர்கள். செய்முறைக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். பொம்மை ஒன்று. ஆளுக்குச் சராசரி நான்கு நிமிடம் வருகிறது. எழுந்து, உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, பயிற்றுநர் திருத்தியது போக, உண்மையில் அழுத்தியது ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். ஒரு நிமிடம் சைக்கிள் ஓட்டியவரிடம் சைக்கிளைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்புவோமா?

அதே ஒரு மணி நேரத்தில் நான்கு பொம்மைகள் இருந்தால் ஆளுக்குப் பதினேழு நிமிடம் கிடைக்கிறது. இரண்டிரண்டு நிமிடச் சுற்றாக ஆறு முறை செய்யலாம். உடம்பு அதைப் பிடித்துக்கொள்ள அது போதும். ஒரு பள்ளி நான்கு பொம்மைகளை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். மாவட்டத்தின் செம்பிறைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ், மருத்துவமனை, பக்கத்துப் பள்ளி என்று இரவல் கேட்டுச் சேர்க்கலாம். மூன்று தோட்டப் பள்ளிகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடுவது அதைவிட நல்லது. இரவல் கேட்கும் கடிதத்தில் ‘பேச்சாளர் வேண்டும்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு ‘பொம்மைகள் வேண்டும்’ என்று எழுதுங்கள் என்பதே என் முதல் கோரிக்கை.

பொம்மை போதவில்லை என்றால், காத்திருப்பவர்கள் கெட்டியான மெத்தை இருக்கையிலோ இறுக்கிச் சுருட்டிய போர்வையிலோ கை வைக்கும் விதத்தையும் தாளத்தையும் பழகலாம். ஆனால் ஆழத்தை அதில் கற்க முடியாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும் மனிதரின் நெஞ்சில் ஒருபோதும் பழகக் கூடாது. சக ஆசிரியரைப் படுக்க வைத்து ‘மெதுவாக’ அழுத்திக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. தவிர, மெதுவாக அழுத்துவதையே கைக்குப் பழக்கிவிடுகிறது.

தேநீர் இடைவேளை நீங்கலாக மூன்று மணி நேரம் இருந்தால் நான் அதை இப்படிப் பிரிப்பேன். முதல் பதினைந்து நிமிடம் பயிற்றுநர் முழு நிகழ்ச்சியையும் பேசாமல் ஒரு முறை, விளக்கிக்கொண்டு ஒரு முறை செய்து காட்டட்டும். உடனே ஒரு மணி நேரம் நெஞ்சழுத்தம். அரை மணி நேரம் ஆளை அடையாளம் காண்பதும் அழைப்பதும். அரை மணி நேரம் செயற்கை மூச்சும் தொண்டை அடைப்பும். கால் மணி நேரம் ஏ.இ.டி. கருவி. கடைசி அரை மணி நேரம் மதிப்பீடு. இதயத்தின் நான்கு அறைகளுக்கு இதில் இடமில்லை. அறிவியல் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

நெஞ்சழுத்தத்தில் பெரியவர்களுக்கு வேண்டிய அளவுகள் சில மட்டுமே. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறு கை, முழங்கை மடங்காமல், தோள் நேர்மேலே. ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயம் மறுபடி இரத்தத்தால் நிரம்பும். கையைத் தூக்கிவிடவும் கூடாது, சாய்ந்தபடியே இருக்கவும் கூடாது.

நம்மவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு, எண்ணிக்கை. ‘ஒன்று, இரண்டு’ என்று தொடங்கும்போது கை சரியான வேகத்தில் போகும். ‘இருபத்தாறு, இருபத்தேழு’ வந்ததும் சொல் நீள்கிறது, சொல்லோடு கையும் தளர்கிறது. நிமிடத்துக்கு 110 என்றால் ஓர் அழுத்தத்துக்கு அரை விநாடிக்குச் சற்று மேல்தான் நேரம். அதற்குள் ‘இருபத்தெட்டு’ அடங்காது. ஆகவே முப்பது வரை எண்ண வேண்டாம். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள். சத்தமாக எண்ணுங்கள், பக்கத்தில் மாற்றிக்கொள்ளக் காத்திருப்பவருக்கும் கேட்க வேண்டும்.

இன்னும் பெரிய சிக்கல் களைப்பு. ஒன்றிரண்டு நிமிடத்தில் அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்கும், ஆனால் செய்கிறவருக்கு அது தெரியாது. ‘எனக்கு முடியும், இன்னும் செய்கிறேன்’ என்று திடகாத்திரமான உடற்கல்வி ஆசிரியர்தான் சொல்வார். பொம்மையின் ‘டிக்’ ஓசை நின்றிருக்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது. அதையும் பழக வேண்டும். அடுத்தவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருந்தால் மாற்றம் சில விநாடிகளில் முடியும். எழுந்து சுற்றி வந்தால் பத்து விநாடி போய்விடும். இருபது நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டிய தோட்டப் பள்ளிக்கு, ஒரு வீரரைவிட மாறி மாறிச் செய்யும் நான்கு சாதாரண ஆசிரியர்கள் பயன்படுவார்கள்.

பயிற்சிக்கு ‘டிராக்’ உடை அணிந்து வரச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சேலையிலும் பாஜு கூரோங்கிலும் தரையில் முட்டி போட்டுச் செய்து பார்த்தால்தான் கொசுவத்தை எப்படி ஒதுக்குவது என்று தெரியும். விழுந்தவர் பெண்ணாக இருந்தால் ஆண் ஆசிரியர் தயங்குவார். பொது இடங்களில் மயங்கி விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சி.பி.ஆர். கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொம்மைக்கு ஒரு முறை சேலை சுற்றி, சங்கிலி போட்டுப் படுக்க வைத்துப் பாருங்கள். அந்தத் தயக்கம் பயிற்சியறையில் வெளிவந்துவிட்டால், திடலில் வராமலிருக்கும்.

அடுத்தது அடையாளம் காண்பது. இங்கேதான் நல்ல பயிற்சி பெற்றவர்களும் தவறுகிறார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பார்க்க வேண்டும். நாடி பிடித்துப் பார்க்கத் தேவையில்லை. பதற்றத்தில் தன் நாடியையே அவருடைய நாடி என்று நினைத்துக்கொள்வோம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு மீன் வாய் திறப்பது போல விட்டுவிட்டு ஓர் இழுப்பு இருக்கும், குறட்டை போலவும் கேட்கும். ‘மூச்சு இருக்கிறது’ என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அப்போதுதான். அது மூச்சில்லை. பயிற்றுநர் அந்த ஒலியைத் தன் வாயாலேயே எழுப்பிக் காட்ட வேண்டும். படம் போட்டு விளக்கினால் மனத்தில் நிற்காது.

இதயம் நிற்கும் நேரத்தில் சில விநாடி வலிப்பு வருவதும் உண்டு. நம் வழக்கப்படி யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இன்னொருவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார், மூன்றாமவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். சாவியால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. ஆனால் அதில் நேரம் போகிறது. தலையை மடியில் வைத்தால் கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். இழுப்பு நின்றதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். தட்டிக் கூப்பிட்டு, மூச்சைப் பார்ப்பது.

999 அழைப்பை வகுப்பறையில் பேசிக் காட்டினால் போதாது, நடித்தே பார்க்க வேண்டும். பள்ளியின் கடைசி வகுப்பறையில் பொம்மையைப் போட்டு, கடிகாரத்தை ஓட விடுங்கள். கைப்பேசிக்கு அலைவரிசை எங்கே கிடைக்கிறது? அலுவலகத்துக்கு ஓட எத்தனை விநாடி? பெரிய சாலையில் எந்தக் கடையை ஒட்டித் திரும்ப வேண்டும், எத்தனையாவது பிரிவில் இடப்புறம், தோட்டத்துக் கேட் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்குமா, சாவி யாரிடம்? இவற்றை மலாய் மொழியில் நான்கு வரியாக எழுதி அலுவலகத் தொலைபேசிக்கு மேல் ஒட்டி வைத்தால், புதிதாக வந்த ஆசிரியரும் படித்துச் சொல்லலாம். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டால் பேசிக்கொண்டே அழுத்தலாம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவரைச் சந்திப்பு வரை அனுப்பி அம்புலன்ஸை அழைத்து வரச் சொல்ல வேண்டும். கிராமத்து, தோட்டத்துப் பள்ளிக்கு இந்த ஒத்திகை வேறெந்தப் பாடத்தையும்விட அதிக நிமிடங்களை மிச்சப்படுத்தும். எந்த ஊர்ப் பாடநூலிலும் இது இருக்காது.

பள்ளியில் யார் விழுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். இதய நோயால் திடீரென்று விழக்கூடியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்: ஆசிரியர்கள், தோட்டக்காரர், பேரப்பிள்ளையை அழைத்துப்போக வந்த தாத்தா. குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகு. நீரில் மூழ்குவது, தொண்டையில் உணவு அடைப்பது, கடுமையான ஆஸ்துமா. இரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் அதற்குள் தீர்ந்திருக்கும், வெறும் அழுத்தத்தால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தத்தை மட்டும் கற்றுத்தரும் எளிய முறையை அங்குள்ள மயக்கவியல் மருத்துவர்கள் பரப்பி வருகிறார்கள். சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் அது பொருந்தும். பள்ளி ஆசிரியருக்கு அது போதாது என்பது என் கருத்து. அவர் பொறுப்பில் இருப்பவர்கள் குழந்தைகள். 30 அழுத்தம், 2 மூச்சு என்ற முறையை அவர் கற்க வேண்டும். தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, ஒரு விநாடி ஊத வேண்டும். நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எழவில்லை என்றால் தலையை மறுபடி சரிசெய்து ஊதலாம். ஆனால் இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம், அழுத்தத்துக்குத் திரும்பிவிட வேண்டும். சிறு பிள்ளைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 5 செ.மீ. அழுத்தினால் போதும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு கையே போதுமானதாக இருக்கும். நீரிலிருந்து எடுத்த பிள்ளைக்கு மூச்சில் தொடங்குங்கள். வாயில் வாய் வைக்க அருவருப்பு என்றால், முதலுதவிப் பெட்டியில் மூச்சு முகமூடி ஒன்று இருக்கட்டும். பெரியவர் ஒருவருக்கு ஊத முடியவே இல்லை என்றால் அழுத்தத்தையாவது நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

தொண்டை அடைப்புக்குச் சிற்றுண்டிச்சாலைதான் களம். சோசேஜ், மீன் உருண்டை, ரம்புத்தான். பிள்ளை சத்தமாக இருமினால் இருமவே விடுங்கள். சத்தம் வரவில்லை, பேச முடியவில்லை என்றால் முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்ளும் மேலுமாக இழுப்பு. வெளியே வரும் வரை மாறி மாறி. நினைவிழந்தால் தரையில் கிடத்தி சி.பி.ஆர். வாயில் பொருள் தெரிந்தால் எடுக்கலாம், தெரியாததை விரலால் துழாவக் கூடாது. வயிற்றில் இழுத்த பிள்ளையைப் பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தத் தட்டையும் இழுப்பையும்கூடச் சக ஆசிரியர் மீது முழு வேகத்தில் பழகாதீர்கள். நிலையை மட்டும் பழகுங்கள்.

ஏ.இ.டி. கருவிக்குக் கால் மணி நேரம் மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது தானே பேசி வழிகாட்டும். ஒட்டு அட்டையை எங்கே ஒட்டுவது, ஈர நெஞ்சைத் துடைப்பது, சங்கிலியை ஒதுக்குவது, அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் தொடாமலிருப்பது, உடனே அழுத்தத்தைத் தொடர்வது. இவ்வளவுதான். அருகில் எங்கும் கருவி இல்லாத தோட்டத்தில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவது வேறு ஊருக்கான பாடம்.

இனி மதிப்பீடு. பத்துக் கேள்வித் தாளை நான் எடுத்துவிடுவேன். ‘ஆழம் எவ்வளவு’ என்பதற்குச் சரியான விடையைக் கோடிட்டவர் பொம்மையில் 3 செ.மீ. அழுத்துவது வழக்கமான காட்சி. அதற்குப் பதிலாக ஆளுக்கு நான்கு நிமிடம், ஒரு நிகழ்ச்சி, ஒரு தாள், ஒரு கைக்கடிகாரம். இரண்டு மூலையில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் இருந்தால் பதினான்கு பேரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பயிற்றுநர் சொல்கிறார்: ‘திடலோரம் தாத்தா விழுந்து கிடக்கிறார்.’ ஆசிரியை வருகிறார். தட்டிக் கூப்பிட்டாரா? ஒருவரைப் பெயர் சொல்லி 999 அழைக்கச் சொன்னாரா? ‘யாராவது’ என்று கத்தினால் யாரும் போக மாட்டார்கள். பயிற்றுநர் இழுப்பு ஒலி எழுப்பும்போது அதை மூச்சென்று ஏமாறாமல் தொடங்கினாரா? கை சரியான இடமா? முப்பது அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிந்ததா? இந்த ஒரு எண்ணே வேகத்தைச் சொல்லிவிடும், கருவி எதுவும் வேண்டாம். ‘டிக்’ ஓசை பெரும்பாலும் கேட்டதா, நெஞ்சு முழுதும் எழுந்ததா? இரண்டு மூச்சுக்கான இடைவெளி 10 விநாடிக்குள் இருந்ததா? ஆம், இல்லை என்று மட்டும் குறியிட வேண்டும். மதிப்பெண் வேண்டாம்.

ஆசிரியை முப்பதை 12 விநாடியில் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150. ‘சுறுசுறுப்பு’ என்று கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் ஆழம் போய்விடும், நெஞ்சு எழ நேரமிருக்காது. கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை 110க்கு வைத்து இரண்டு நிமிடம் செய்யச் சொன்னால் தாளம் வந்துவிடும். இன்னொருவர் 22 விநாடி எடுக்கிறார், முழங்கை மடங்குகிறது. அவர் பொம்மைக்கு மிகத் தள்ளி முட்டி போட்டிருப்பார். நெருங்கி வரச் சொல்லி, கையால் தள்ளுவதை விட்டு உடம்பின் எடையால் அழுத்தச் சொன்னால் சிறிய உருவத்தினருக்கும் ஆழம் கிடைக்கும். திருத்திய பிறகு அன்றே மறுபடி மதிப்பிட வேண்டும். தேறாதவர் என்று யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இழுப்பை மூச்சென்று நினைத்து நின்றவரையும், அழுத்தத்தைத் தொடங்கவே மறந்தவரையும் மட்டும் மற்ற எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ இருந்தாலும் மறுபடி செய்ய வைக்க வேண்டும்.

டென்மார்க்கில் 2005இல் பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு வாகன உரிமம் பெறுவோருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமானது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் அருகிலிருந்தவர் சி.பி.ஆர். செய்தது 2001இல் சுமார் 21 விழுக்காடு, 2010இல் சுமார் 45. முப்பது நாள் உயிருடன் இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆனார்கள். அந்தக் காலத்தில் அம்புலன்ஸும் சிகிச்சையும்கூட முன்னேறின, எல்லாப் பெருமையும் பள்ளிக்கு இல்லை. ஆனாலும் அந்த உயர்வில் சான்றிதழ்களின் எண்ணிக்கையைவிட, தொடங்கத் துணிந்த கைகளின் எண்ணிக்கையையே நான் பார்க்கிறேன்.

கைத்திறன் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு பெரிய பட்டறையை நம்பியிருப்பது அதனால் வீண். ஒரு பொம்மையாவது பள்ளியில் நிரந்தரமாக இருந்தால், ஒவ்வொரு தவணையிலும் ஓர் ஆசிரியர் கூட்டத்துக்குப் பின் ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுக்க வேண்டிய பொருள் அது. குறியிட்ட தாள்களைத் தலைமையாசிரியர் ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அடுத்த முறை எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ வாங்கியிருப்பார்கள். முதலுதவிப் பெட்டியிலேயே வைத்திருந்தால், அடுத்த தவணையில் யாருக்கு 22 விநாடி, யாருக்கு 12 என்று பார்த்து அங்கிருந்தே தொடங்கலாம்.